இருவரை ஒரு சட்டகத்தில் சேர்த்தல்: கணினிக்கு முந்தைய இணைப்பு உருவப்படங்களும் இலங்கைப் போக்குவரத்துக் கடற்கரையும்

ஆய்வுச் சுருக்கம்

வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் எடுக்கப்பட்ட இரு உருவங்களை வெட்டி ஒட்டி, மீண்டும் படமெடுத்து, கையால் திருத்தி ஒரே படமாக்கும் வேலையைத் தமிழகத்து ஒளிப்படக் கூடங்கள் கணினிக்கு முன்பே செய்துவந்தன. குலசேகரன்பட்டினம் முதலிய இலங்கைத் தொடர்புடைய கடற்கரை ஊர்களின் சூழலைப் பின்னணியாகக் கொண்டு, அடையாளப் படம் ஒன்றிலிருந்து இணையர் படம் உருவாகும் முறையை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. இத்தகைய படங்களில் காணப்படும் விறைப்பான நேர்முகத் தோற்றத்திற்குச் செய்முறையும் ஒரு காரணம் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: ஒளிப்படக் கூடம், இணைப்புப் படம், மறுபடமெடுத்தல், கைத்திருத்தம், குலசேகரன்பட்டினம், இலங்கைப் புலம்பெயர்வு

முன்னுரை

தென் தமிழகத்துப் பழைய வீடுகளின் கூடத்தில், சுவரின் மேற்பகுதியில் சற்று முன்சாய்வாகத் தொங்கும் சட்டமிட்ட படங்களுள் கணவனும் மனைவியுமாக அமைந்த மார்பளவுப் படம் ஒன்றேனும் இருப்பது வழக்கம். அவற்றுள் சில, அவ்விருவரும் ஒளிப்படக் கருவியின் முன் ஒருநாளும் சேர்ந்து அமராமலே உருவானவை. கணவர் இறந்த பின்னரோ, கடல்கடந்து சென்று திரும்பாத நிலையிலோ, அவருடைய சிறு படம் ஒன்றையும் மனைவியின் படத்தையும் கொண்டு ஒளிப்படக் கூடத்தார் அந்த இணையைப் படைத்தனர். வீட்டார் அதனைச் சோடிப் படம் என்றே சொல்வர். அது சேர்க்கப்பட்ட படம் என்பதை மூத்த தலைமுறை அறியும்; அடுத்த தலைமுறைக்கு அச்செய்தி பெரும்பாலும் சென்று சேர்வதில்லை.

தமிழகத்துக் கூடப் படங்கள் அண்மைக் காலத்தில்தான் ஆவணங்களாக மதிக்கப்படலாயின. பிரித்தானிய நூலகத்தின் அழிவாய்ப்புள்ள ஆவணங்களுக்கான திட்டத்தில் 737ஆம் எண்ணுடைய பணி, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த சோயி ஹெட்லியின் முன்முயற்சியில் தமிழகத்தின் தொடக்ககாலக் கூடப் படங்களைத் தேடி எண்மப்படுத்தியது. இத்தகைய தொகுப்புகளில் ஒரு படத்திற்கு ஓர் ஆண்டு, ஓர் இடம், ஒரு நிகழ்வு என்று குறிப்பது அட்டவணைப்படுத்துவோரின் இயல்பு. இணைப்புப் படத்திற்கு அம்முறை பொருந்தாது. அதில் இரண்டு ஆண்டுகளும் இரண்டு இடங்களும் உள்ளன. ஒட்டப்பட்ட நாளையும் சேர்த்தால் மூன்று. இவ்வேறுபாட்டை உணராமல் ஒரு சோடிப் படத்தைத் திருமணக் காலச் சான்றாகவோ, குறிப்பிட்ட ஆண்டில் கணவர் ஊரில் இருந்ததற்கான சான்றாகவோ கொள்ளும்போது குடும்ப வரலாறும் புலம்பெயர்வு வரலாறும் ஒருங்கே பிழைபடுகின்றன.

கடற்கரையும் அடையாளப் படமும்

குலசேகரன்பட்டினம் இன்று முத்தாரம்மன் கோயில் தசராவாலும், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளத்தாலும் அறியப்படுகிறது. அதற்கு முன்பு அது இலங்கையோடு வாணிகம் நடத்திய துறைமுகம். சர்க்கரை ஆலையும் அதனையொட்டி ஒரு சிற்றிருப்புப்பாதையும் இயங்கிய ஊர். வடக்கே திருச்செந்தூர், காயல்பட்டினம், தூத்துக்குடி எனவும் தெற்கே மணப்பாடு எனவும் நீளும் இக்கரையில் முத்துக்குளித்த பரதவரும், கடல்வணிகம் செய்த முஸ்லிம்களும், கொழும்பில் கடை வைத்த நாடார்களும் இலங்கையை வேற்று நாடாகக் கருதியதைவிட அக்கரையாகக் கருதியதே மிகுதி. 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் தூத்துக்குடி–கொழும்பு வழியையே தேர்ந்தது இப்போக்குவரத்தின் அளவைக் காட்டும்.

இப்போக்குவரத்தில் ஆடவர் பல ஆண்டுகள் அக்கரையிலும் பெண்டிர் இக்கரையிலும் வாழ்ந்தனர். இருவரும் சேர்ந்து படமெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் இலங்கையில் நடைமுறைக்கு வந்தபின், அதுவரை தடையின்றிச் சென்றுவந்தவர்கள் கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் பெறவேண்டியவராயினர். படமெடுக்கும் பழக்கமே இல்லாத ஒருவரின் முகமும் அரசு கேட்டதால் படமாயிற்று. பலருக்கு வாழ்நாளில் எஞ்சிய ஒரே படம் அந்த அடையாளப் படமே. நேராக நோக்கும் கண்கள், நிழலற்ற முன்னொளி, வெற்றுப் பின்புலம், தோளின் மீது குறுக்காக விழுந்த அலுவலக முத்திரையின் வளைவு ஆகியவை அதன் இயல்புகள். ஓர் அலுவலர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட அம்முகத்தை மனைவியின் அருகில் அமரும் கணவரின் முகமாக மாற்றுவதே கூடத்தார் முன் வைக்கப்பட்ட வேலை.

ஏன் வெட்டி ஒட்டினர்?

இரு உருவங்களைச் சேர்ப்பதற்கு வேறு வழிகளும் இருந்தன. 1857இல் ரெய்லாண்டர் ஏறத்தாழ முப்பது எதிர்ப்படிகளையும், 1858இல் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து எதிர்ப்படிகளையும் ஒரே படமாக அச்சிட்டுக் காட்டினர். அவர்களின் முறையில் ஓர் எதிர்ப்படியை அச்சிடும்போது தாளின் எஞ்சிய பகுதியை மறைத்து, பின்னர் மறைத்த பகுதியில் அடுத்த எதிர்ப்படியை அச்சிடுவர். ஒரே தகட்டில் பாதியை மறைத்து இருமுறை படமெடுக்கும் தந்திரமும் உண்டு. ஒரே மனிதர் இருவராகத் தோன்றும் படங்கள் இதன் பயன். மத்தியப் பிரதேசத்தின் நாக்தா நகர்க் கூடங்களை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பின்னி, 1997இல் வெளிவந்த 'கேமரா இண்டிகா' நூலில் இவ்வகை இரட்டை உருவங்களை விரிவாகப் பேசியுள்ளார்.

இவ்விரு வழிகளும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. எதிர்ப்படி கையில் இருக்கவேண்டும், அல்லது ஆள் நேரில் வரவேண்டும். இறந்தவரைப் பொறுத்தவரை இரண்டும் இல்லை. கொழும்பில் எங்கோ எடுக்கப்பட்ட படத்தின் எதிர்ப்படியைத் தேடிப் பெறுவது இயலாத செயல். கையில் இருப்பது தாள் மட்டுமே. எனவே தாளிலிருந்து புதிய எதிர்ப்படி செய்து, அதிலிருந்து வேண்டிய அளவில் அச்சிட்டு, வெட்டி, ஒட்டி, ஒட்டியதை மறுபடியும் படமெடுக்கும் வழியே எஞ்சியது. நம் நாட்டில் அதற்கு முன்மாதிரியும் இருந்தது. இராசத்தானத்து நாத்துவாராவில், இறைவன் முன் வழிபடும் குடும்பத்தாரை ஓவியமாகத் தீட்டும் வழக்கத்தில், அடியவரின் ஒளிப்பட முகத்தை வெட்டி ஓவியத்தில் ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசினர். அங்கே ஒட்டிய படமே இறுதிப் படம். தமிழகத்துக் கூடத்தில் ஒட்டியது இடைநிலைப் பொருள்தான். அதை மீண்டும் படமெடுத்தபோது ஒட்டின் மேடுபள்ளம் மறைந்து, தாளின் பரப்பு ஒன்றாயிற்று. வாடிக்கையாளர் வாங்கிச் சென்றது அந்த நகலையே.

முதற்படி: சிறு படத்தைப் பெரிதாக்கல்

முறையை விளக்க ஓர் அளவைக் கொள்ளலாம். கணவரின் அடையாளப் படத்தில் மோவாயிலிருந்து உச்சி வரை 20 மில்லிமீட்டர் என்க. முழுத்தகடு எனப்பட்ட ஆறரைக்கு எட்டரை அங்குலப் படத்தில், அதாவது ஏறத்தாழ 16.5க்கு 21.6 சென்டிமீட்டரில், இருவரை மார்பளவில் அமர்த்த வேண்டும். ஆணின் தோளகலம் தலையுயரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பெண்ணினது சற்றுக் குறைவு. தலையுயரம் 36 மில்லிமீட்டராயின் இருவர் தோள்களும் ஒன்றையொன்று சிறிது மறைத்து 12 சென்டிமீட்டர் அளவில் அடங்கும். இருபுறமும் போதிய இடம் எஞ்சும். ஆகவே சிறு படம் 1.8 மடங்கு பெருக வேண்டும்.

21 சென்டிமீட்டர் குவியத் தொலைவுடைய வில்லையில் நேரடியாக இவ்வளவு பெரிதாக்கினால், தகட்டுக்கும் வில்லைக்கும் இடைப்பட்ட துருத்தியை ஏறத்தாழ 59 சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். சிறு படமோ வில்லையிலிருந்து 33 சென்டிமீட்டருக்குள் நிற்கும். பழைய மரக் கருவிகளின் நீண்ட இரட்டைத் துருத்தி இதற்குத்தான் பயன்பட்டது. துருத்தி நீளும்போது தகட்டில் விழும் ஒளி குறைவதால், தொலைவிலுள்ள பொருளுக்கு வேண்டிய நேரத்தைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு நேரம் ஒளிகாட்ட வேண்டும். இக்கணக்கை மறந்தவரின் தகடு வெளிறி வரும். துருத்தி குறுகிய கூடங்களில் சம அளவில் முதலில் நகலெடுத்துப் பின்னர் உருப்பெருக்கியில் பெரிதாக்கினர்; சம அளவு நகலுக்கு நான்கு மடங்கு நேரம் போதும்.

ஒளியமைப்பும் இங்கே முக்கியம். சிறு படத்தைப் பலகையில் குண்டூசியால் பொருத்தி, இருபுறமும் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் சமமான ஒளி விழச்செய்வர். ஒருபக்க ஒளி மட்டும் விழுந்தால் தாளின் சொரசொரப்பும், அழுத்தி இட்ட முத்திரையின் மேடும் நிழல் பெற்றுத் தகட்டில் பதிந்துவிடும். சமவொளியில் மேடு மறையும். மையால் இட்ட முத்திரை மறையாது. அதனை அச்சில் தூரிகையால்தான் நீக்க வேண்டும்.

தகட்டைத் தேர்வதில் ஒரு முரண் எழும். மங்கிப் பழுப்பேறிய உருவம் நீல ஒளியை உட்கொள்வதால், நீலத்திற்கு மட்டும் உணர்வுடைய சாதாரணத் தகட்டில் அது அழுத்தமாகப் பதியும். மங்கிய முகம் மீண்டும் தெளியும். ஆனால் மஞ்சள் கறை படிந்த படத்தை அதே தகட்டில் எடுத்தால் கறையும் கருமையாகிவிடும். கறையை மறைக்க எல்லா நிறத்திற்கும் உணர்வுடைய தகட்டையும் மஞ்சள் வடிகட்டியையும் கொள்ள வேண்டும்; அப்போது மங்கிய உருவம் மேலும் மங்கும். கடற்காற்றின் ஈரமும் உப்பும் பட்ட படங்களில் மங்கலும் கறையும் சேர்ந்தே இருப்பது இயல்பு. அந்நிலையில் முகத்தைத் தெளிவாக்கும் தகட்டைத் தேர்ந்து, கறையைக் கைத்திருத்தத்திற்கு விடுவதே அறிவுடைய வழி.

இரண்டாம் படி: உயிருள்ளவரை இல்லாதவருக்கு ஏற்ப அமர்த்தல்

இதுவரை எழுதப்பட்ட கூடப்பட ஆய்வுகள் போதிய கவனம் தராத இடம் இதுதான். இணைப்புப் படத்தில் மாற்ற முடியாதது இல்லாதவரின் படம். மாற்றக்கூடியது வந்திருப்பவரின் இருக்கை. ஆகவே கூடத்தார் அடையாளப் படத்தை முன்வைத்துக்கொண்டு மனைவியை அதற்கேற்ப அமர்த்தினர். கணவர் கருவியை நேராக நோக்கினால் மனைவியும் நேராக நோக்கவேண்டும். சற்றுத் திரும்பி அமர்ந்தால் இருவர் பார்வையும் ஒட்டாது. அவர்மீது முன்னொளி விழுந்திருந்தால், வடக்குச் சாளரத்துப் பக்கவொளியில் முகத்தைச் செதுக்கிக் காட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, மனைவிக்கும் தட்டையான முன்னொளியே தரவேண்டும். கருவியின் உயரம், ஆள் நிற்கும் தொலைவு ஆகியனவும் அவ்வாறே. அருகில் வைத்து எடுத்த முகத்தில் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தோன்றும். தொலைவில் எடுத்த முகத்தில் அவை சமநிலை பெறும். இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்தால், தலையுயரம் ஒன்றாயிருந்தும் ஒருவர் நம்மை நெருங்கியிருப்பதாகவும் மற்றவர் விலகியிருப்பதாகவும் தோன்றும். காரணம் புரியாவிட்டாலும் கண் அதை உணர்ந்துவிடும்.

இந்தியக் கூடப் படங்களின் நேர்முகத்தன்மையை வழிபாட்டுப் பார்வையோடும், தெய்வ உருவங்களின் முன்னோக்கிய அமைப்போடும் தொடர்புபடுத்தி விளக்குவது ஆய்வாளர் வழக்கம். அவ்விளக்கம் பொதுவாகப் பொருந்தக்கூடியது. ஆயினும் இணைப்புப் படங்களைப் பொறுத்தவரை, அந்த விறைப்புக்கு அதனினும் எளிய காரணம் உண்டு. மூலப் படம் கடவுச்சீட்டுக்கு எடுத்தது. மற்றவர் அதற்கு இசைவாக அமர்ந்தார். அரசு அலுவலகம் கேட்ட இருக்கை இவ்வாறு வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தது. இணைப்புப் படங்களைத் தனியே பிரிக்காமல் ஒரு தொகுப்பின் நேர்முகப் படங்களை எண்ணிப் பண்பாட்டு முடிவு கூறுவது ஆகவே ஐயத்திற்குரியது.

மனைவியின் தோற்றத்தில் எழும் கேள்வி இதனினும் கடினமானது. கணவர் இறந்தபின் எடுக்கப்படும் படத்தில் அவர் பொட்டோடு இருப்பதா, இல்லாமல் இருப்பதா? படம் காட்டும் காலம் கணவர் உயிரோடிருந்த காலமாயின் பொட்டும் தாலியும் வேண்டும். எடுக்கப்பட்ட நாளே காலமாயின் அவை கூடா. கைம்மைக்கு முன் எடுத்த மனைவியின் பழைய படம் கிடைத்தால் இச்சிக்கல் எழாது. கிடைக்காதபோது, இருந்தபடியே எடுத்துவிடுவது ஒரு வழி. எடுத்தபின் எதிர்ப்படியில் சிறு மாற்றம் செய்து பொட்டைச் சேர்ப்பது மற்றொரு வழி. எதிர்ப்படியில் நெற்றி கருமையாகத் தெரியும். அங்கே ஒரு வட்டத்தைக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்தால் அச்சில் அது கரும்பொட்டாகும். கைத்திருத்தத்தில் மிகச் சிறிய வேலை அது. குடும்பத்திற்கு அதுவே மிகப் பெரிய முடிவு. பொட்டும் தாலியும் அடையாளமாகாத முஸ்லிம் குடும்பங்களில் இக்கேள்வி இவ்வடிவில் எழுவதில்லை என்பதால், ஒரே கரையின் படங்களையும் சமூகவாரியாகப் பார்ப்பது தேவை.

மூன்றாம் படி: வெட்டும் ஒட்டும்

இரு எதிர்ப்படிகளிலிருந்தும் மெல்லிய புரோமைடு தாளில் இடைநிலை அச்சுகள் எடுக்கப்படும். இவை மற்ற அச்சுகளைவிட மென்மையாக, முரண் குறைந்தவையாக இருக்கவேண்டும். ஒவ்வொரு மறுபடமெடுப்பும் முரணைக் கூட்டும். வெளிர்பகுதியிலும் கரும்பகுதியிலும் நுணுக்கத்தை விழுங்கும். அழகாகத் தெரியும் அச்சை ஒட்டிப் படமெடுத்தால் இறுதியில் வெண்சட்டை வெறும் வெள்ளையாகவும் கருமுடி வெறும் கருமையாகவும் வந்து நிற்கும். வெளிறியதாகத் தோன்றும் அச்சே இங்கு நல்ல அச்சு.

எவரை மேலே ஒட்டுவது என்பது அடுத்த முடிவு. இருவரையும் வெட்டினால் மறைக்கவேண்டிய விளிம்பு இருமடங்காகும். எனவே ஒருவரின் அச்சைப் பின்புலத்தோடு முழுத்தாளாக வைத்து, மற்றவரை மட்டும் வெட்டி மேலே ஒட்டுவர். அடையாளப் படத்தின் பின்புலம் வெறுமையானது என்பதால் கணவர் அடித்தாளாவதும், சேலையின் தெளிவான கரையுடைய மனைவி மேலே வருவதும் வசதியானது. துணியின் விளிம்பில் வெட்டுவது எளிது. முடியின் விளிம்பில் வெட்டுவது அரிது. தலைமுடியைச் சுற்றி வெட்டும்போது சற்று உள்ளே வெட்டி, ஒட்டியபின் நுனித் தூரிகையால் முடியிழைகளை வெளியே வரைந்து சேர்ப்பர்.

கத்தியைத் தாளுக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல், விளிம்பின் அடிப்புறம் உள்வாங்குமாறு சாய்த்துப் பிடிக்கவேண்டும். இல்லாவிடில் தாளின் வெண்ணிற உள்ளடுக்கு மயிரிழை அளவில் தெரியும். மறுபடமெடுக்கும்போது அது தோளைச் சுற்றி ஒரு வெண்கோடாக விழும். வெட்டிய பின் தாளைக் கவிழ்த்து, விளிம்பின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெல்லியதாக்குவர். பின்னர் அவ்விளிம்பில் பின்புலத்தின் சாம்பல் நிறத்தை நீர்வண்ணமாகத் தொட்டு, மாப்பசையால் ஒட்டி, கனமான பொருளின் கீழ் உலரவைப்பர். பசை மிகுந்தால் தாள் நெளியும். நெளிந்த இடம் மறுபடத்தில் மெல்லிய மேகம்போலத் தோன்றும்.

மார்பளவுக்குக் கீழே உடல் இல்லாமை அடையாளப் படத்தின் இன்னொரு குறை. அதனால்தான் இணைப்புப் படங்களில் பல, கீழ்ப்பகுதி வெண்மையில் கரைந்து மறையும் அமைப்பிலோ முட்டைவடிவச் சட்டத்திலோ அமைகின்றன. முழு உருவம் வேண்டுமென்று குடும்பத்தார் கேட்டால், ஒத்த உடலமைப்புடைய ஒருவரைச் சட்டையும் வேட்டியுமாகவோ கோட்டு அணிவித்தோ நிறுத்திப் படமெடுத்து, அவ்வுடலின் மேல் தலையை ஒட்ட வேண்டும். அப்போது வெட்டு கழுத்துப்பட்டையின் விளிம்பில் மறையும். கழுத்துக்கும் மார்புக்கும் தோல்நிறம் மாறுபடுவதும், தலை அச்சில் சற்றே முன்தள்ளி நிற்பதும் இவ்வேலையின் மாறாத தடயங்கள்.

நான்காம் படி: மறுபடமும் கைத்திருத்தமும்

ஒட்டியதைப் பலகையில் நிறுத்தி மீண்டும் படமெடுத்த பின்னரே திருத்துநரின் உண்மையான வேலை தொடங்கும். கூடங்களில் இதனை டச்சிங் என்றே சொன்னார்கள். சாய்ந்த மேசையின் நடுவே தேய்த்த கண்ணாடி. அதன் கீழிருந்து ஒரு முகக்கண்ணாடி ஒளியை மேல்நோக்கித் திருப்பும். எதிர்ப்படியை அதன்மேல் வைத்து, குங்கிலியத்தைத் தர்ப்பண்டைலத்தில் கரைத்த நெய்ப்பை மெல்லத் தேய்த்தால் பென்சில் பிடிக்கும் பரப்பு கிடைக்கும். ஊசிபோல் நீளச் சீவிய கடினப் பென்சிலால் முகச்சுருக்கங்களை நிரப்புவர். எதிர்ப்படியில் பென்சில் படும் இடம் அச்சில் வெளிறும். கத்தியால் சுரண்டிய இடம் அச்சில் கருமையாகும். இந்த இரு செயல்களால்தான் முகம் முழுவதும் திருத்தப்படுகிறது. பின்புலத்தை அடியோடு நீக்க வேண்டுமாயின் எதிர்ப்படியில் உருவத்தைச் சுற்றிச் செந்நிற மறைமையைப் பூசுவர். அச்சுத்தாள் செவ்வொளிக்கு உணர்வற்றதால் அவ்விடம் வெண்மையாகவே நிற்கும்.

இணைப்புப் படத்தில் திருத்துநருக்குக் கூடுதலான பொறுப்பு ஒன்று உண்டு. கணவரின் முகம் இறுதி அச்சை அடைவதற்குள் மூன்று எதிர்ப்படிகளைக் கடந்துள்ளது: முதலில் எடுத்தது, கூடத்தில் செய்த நகல், ஒட்டியபின் எடுத்தது. மனைவியின் முகம் இரண்டையே கடந்துள்ளது. ஆகவே அவர் கூர்மையாகவும் கணவர் மங்கலாகவும் இருப்பர். இவ்வேறுபாட்டைச் சரிசெய்யக் கணவரின் இமை, மீசை, உதட்டுக்கோடு, கண்மணியின் ஒளிப்புள்ளி ஆகியவற்றை வரைந்து அழுத்தமாக்க வேண்டும்; மனைவியின் முகத்தைத் திருத்தப் பென்சிலால் மிகுதியாகவே மழுப்ப வேண்டும். விளைவாக, ஆடவரின் முகம் பாதி ஓவியமாகிறது. பெண்ணின் முகம் வயதற்றதாகிறது. மூலப் படம் மிகச் சிதைந்திருந்தால் குடும்பத்தாரின் சொல்லே திருத்துநருக்கு வழிகாட்டி. காது இப்படி இராது, மீசை இதைவிடத் தடிமன் என்று அவர்கள் சொல்லச் சொல்ல முகம் உருவாகும். அந்நிலையில் அது நினைவிலிருந்து வரைந்த உருவமே. அதனை ஒளிப்படச் சான்றென்று கொள்ளுதல் இயலாது.

தடயங்களைப் படித்தல்

ஒரு சோடிப் படம் இணைப்பா, உண்மையில் சேர்ந்து எடுத்ததா என்பதை அறிய ஆய்வாளர் முதலில் கண்மணியைப் பார்க்கவேண்டும். சாளரத்தின் எதிரொளி ஒருவருக்கு இடப்புறமும் மற்றவருக்கு வலப்புறமும் இருந்தால் ஒளி ஒன்றல்ல. ஒளித்திசையை ஒப்பாக்க ஒருவரின் எதிர்ப்படியைத் திருப்பி அச்சிடும் தந்திரமும் உண்டு. அது வேறு தடயத்தை விட்டுச்செல்லும். இடத்தோளில் கிடக்க வேண்டிய முந்தானை வலத்தோளில் கிடக்கும். சட்டைப் பை வலப்பக்கம் செல்லும். பொத்தான் வரிசை இடவலமாக மாறும். மூக்குத்தியின் பக்கத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டே தெளியலாம்.

அடுத்து இரு தோள்களும் சந்திக்கும் கோட்டை உருப்பெருக்கியால் நோக்கவேண்டும். உண்மையில் அருகருகே அமர்ந்தவரின் தோள்கள் ஒன்றன்மீது ஒன்று நிழல் வீழ்த்தும். துணி அழுந்தி மடியும். இணைப்புப் படத்தில் அக்கோடு ஒரே தடிமனில், நிழலின்றிச் செல்லும்; சில இடங்களில் மென்சாம்பல் வண்ணக்கோடு அதனைத் தொடர்ந்து ஓடும். ஒருவர் முகத்தில் தாளின் சொரசொரப்பு வலைபோலப் பதிந்திருக்க, மற்றவர் முகம் மழமழப்பாக இருப்பது மறுக்க முடியாத சான்று. தாளிலிருந்து எடுத்த முகத்திற்கே அவ்வலை வரும். ஆடவரின் தோளோரத்தில் வளைவான மழுங்கிய பட்டை ஒன்று தெரிந்தால் அது நீக்கப்பட்ட முத்திரையாகலாம். அவ்வாறாயின் மூலப் படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பதும் உடன் தெரியும்.

அச்சு மட்டுமே கிடைக்கும்போது இத்தடயங்களோடு நிற்க வேண்டியதுதான். எதிர்ப்படி கிடைத்தால் ஐயத்திற்கே இடமில்லை. அதன்மேல் பென்சில் கீறல்கள், செம்மையின் விளிம்பு, பலகையில் குத்திய குண்டூசித் தலை, ஒட்டிய அட்டையின் ஓரம் ஆகிய அனைத்தும் காட்சிக்கு வரும். அச்சிடும்போது அவை ஓரத்தோடு நீக்கப்பட்டிருக்கும். ஆனால் கண்ணாடித் தகடுகள் பழைய பொருளாக விற்கப்பட்டும், பசைப்படலம் கழுவப்பட்டுச் சட்டக் கண்ணாடியாகியும் பேரளவில் அழிந்தன. ஒட்டிய அட்டையோ வேலை முடிந்ததும் கூடத்தின் பரணில் கிடந்து கரையானுக்கு இரையாயிற்று. வீட்டார் சுவரில் பேணிய அச்சு எஞ்சியது. அச்சு எவ்வாறு உருவாயிற்று என்பதற்கான சான்று தொலைந்தது.

ஆகவே தொகுப்புகளில் இவ்வகைப் படத்திற்கு ஒரே காலக்குறிப்பு இடுவதை விடுத்து, ஒவ்வொரு உருவத்திற்கும் தனிக்காலமும் இணைத்த நாளுக்கு வேறொரு காலமும் குறிப்பது பொருந்தும். சட்டத்தைப் பிரித்துப் பின்னட்டையைப் பார்ப்பதும், கூடத்தின் முத்திரை எந்த ஊருக்குரியது என்று குறிப்பதும் கள ஆய்வில் முதலில் செய்யத்தக்கவை. கொழும்பில் எடுத்த முகம் தூத்துக்குடிக் கூடத்தின் முத்திரையோடு குலசேகரன்பட்டினத்து வீட்டில் தொங்குமானால், அந்த முத்திரை இணைத்த இடத்தைக் காட்டுவதேயன்றி எடுத்த இடத்தைக் காட்டாது. குடும்பத்தாரிடம் கேட்கும்போது, இப்படம் எப்போது எடுத்தது என்று கேட்பதைவிட, இதற்காகக் கூடத்திற்குச் சென்றவர் யார், எந்தப் படத்தைக் கொண்டுசென்றார் என்று கேட்டால் விடை தெளிவாகக் கிடைக்கும். கொண்டுசென்ற அச்சிறு படம் சில வீடுகளில் இன்றும் காலாவதியான கடவுச்சீட்டிலேயே, ஒரு மூலை பெயர்ந்து ஒட்டியபடி இருக்கக்கூடும்.